சிவப்பு மையில் எழுதிய வசவுகள்

குரூப் 4 தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படித்தபோது, கோபிச்செட்டிபாளையத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு எழுதுவோம். 200 கேள்விகள், மூன்று மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் தவறாகப் போனவற்றை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு வசவும் போட்டு வைப்பேன். "மண்டு." "இதுகூடத் தெரியாதா?" "உனக்குக் கணக்கு வராது." எங்கள் அம்முச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்; அவர்கூட என்னை அப்படி வைததில்லை. ஆனால் இப்படித் திட்டிக்கொண்டால்தான் சோம்பல் வராது என்று நான் உறுதியாக நம்பினேன்.

நான்கு மாதத்தில் நோட்டு பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. ஒரு நாள் கூட அதைத் திரும்பப் புரட்டியதில்லை. எடுத்தாலே வயிற்றைப் பிசையும்; வைத்துவிட்டு, ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த தமிழ்ப் பகுதியைப் படிக்கப் போய்விடுவேன். அதனால் 'வேலையும் நேரமும்' கணக்கு ஒன்று மூன்று தேர்வுகளில் ஒரே மாதிரி தவறாகப் போனது. என்னைப் படிக்க வைப்பதற்காக எழுதிய வசவு, படிக்க வேண்டிய பக்கத்தை மட்டும் குறிபார்த்து மூடிவிட்டது.

இது எனக்குப் புரிந்தது சித்தப்பா மகள் வந்த அன்றுதான். முதல் மாதிரித் தேர்வில் 97 கேள்விகள்தான் சரி என்று அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, நான் எதற்கும் லாயக்கில்லை" என்றாள். "விடு கண்ணு, முதல் தேர்வில் எல்லோருக்கும் இப்படித்தான் போகும். எந்தப் பகுதியில் அதிகம் போனது, எடு பார்ப்போம்" என்று என் வாயில் தானாக வந்தது. கால் மணி நேரத்தில் அவளுடைய தவறுகளை நிதானமாகப் பிரித்துப் பார்த்துவிட்டோம். என் நோட்டுக்கு அந்தக் கால் மணி நேரத்தை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.

அடுத்த ஞாயிறு எனக்கு 118 சரி. புது நோட்டு போட்டேன். தவறு ஒவ்வொன்றுக்கும் மூன்றே வரி: என்ன செய்தேன், ஏன் அப்படித் தோன்றியது, அடுத்து என்ன செய்வேன். அந்தப் பழைய கணக்கையே சொல்கிறேன். ஒருவர் 12 நாளிலும் மற்றொருவர் 18 நாளிலும் முடிக்கும் வேலையை, இருவரும் சேர்ந்தால் எத்தனை நாளில் முடிப்பார்கள்? நான் 15 என்று குறித்திருந்தேன். புது நோட்டில் எழுதியது இது: "இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன். நேரம் குறைவு என்ற பதற்றத்தில் சராசரி கைக்கு வந்துவிட்டது. இருவர் சேர்ந்தால் 12 நாளுக்குள் முடிய வேண்டும். முதலில் ஒரு நாள் வேலையை எழுது." 1/12-ஐயும் 1/18-ஐயும் கூட்டினால் 5/36; விடை ஏழே கால் நாளுக்குச் சற்றுக் குறைவு. "கணக்கு வராது" என்ற வசவுக்குள் இதில் ஒன்றுமே இல்லை.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிரைன்ஸ், சென் என்ற இரு ஆய்வாளர்கள், தவறியபோது தன்னிடமே பரிவாக இருப்பது உதவுமா என்று மாணவர்களிடம் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். கடினமான சொற்தேர்வு ஒன்று வைத்தபின், சிலரிடம் "இது பலருக்கும் கடினம்தான், உங்களை நொந்துகொள்ளாதீர்கள்" என்றார்கள். வேறு சிலரிடம் "இங்கே இடம் கிடைத்தவர் என்றால் நீங்கள் அறிவாளிதான்" என்றார்கள். மறுதேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் முதல் வகையினர். பாராட்டு அந்த வேலையைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. நாம் ஒருவருக்கொருவர் "உனக்கு எல்லாம் வரும்" என்று சொல்லித் தேற்றுகிறோமே, அதுவும் அந்த வகைதான்.

பரிவு என்று சொல்லிக்கொண்டு நழுவவும் முடியும், நானே நழுவியிருக்கிறேன். "பாவம், களைத்துவிட்டாய்" என்று நோட்டை மூடினால் அது சாக்கு. மூன்றாவது வரி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பழைய குரல் ஒரேயடியாகப் போய்விடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேர்வு அறையில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. தெரியாத கேள்வியில் என்னை வைதுகொண்டு உட்கார்ந்தால் அடுத்த இரண்டும் போய்விடும். "இது இந்த அறையில் பலருக்கும் தெரியாது" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகினேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் நோட்டு உதவாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

ஐந்து மாதத்தில் மாதிரித் தேர்வில் 151 வரை வந்தேன். அதில் தினமும் பத்துக் கணக்கு போட்டதும் சேர்த்தி.

சித்தப்பா மகள் இப்போது என் நோட்டைக் கேட்கிறாள். புதியதைக் கொடுத்துவிட்டேன். பழையதையும் கேட்டாள், அதில் அவள் படிக்க ஒன்றும் இல்லை என்று பரணில் போட்டுவிட்டேன்.