பூட்டு உடையாத கடைக்கு பர்க்ளரி க்ளெய்ம் வாங்கிய அனுபவம்

எங்களுடையது கேமரா வாடகைக் கடை. திருட்டு நடந்த மறுநாள் காலை, முன்பக்க ஷட்டரில் போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. சாவி போட்டுத்தான் திறந்தோம். உள்ளே அலமாரிக் கதவு நெம்பப்பட்டு, இரண்டு கேமராக்களும் சில லென்சுகளும் போயிருந்தன. பின்கதவு திறந்து கிடந்தது.

எங்களிடம் இருந்தது பர்க்ளரி இன்சூரன்ஸ் பாலிசி. பொருள் திருடு போனாலே பணம் வரும் என்று அதை வாங்கும் பலர் நினைக்கிறார்கள். திருடன் கட்டடத்துக்குள் பலவந்தமாக நுழைந்தோ, பலவந்தமாக வெளியேறியோ திருடியிருக்க வேண்டும், அதற்கான தடயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. கள்ளச்சாவி போட்டுத் திறந்து, அள்ளிக்கொண்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போனால் அது வெறும் தெஃப்ட். நஷ்டம் அதே நஷ்டம்தான், ஆனால் எங்களுடையது மாதிரி பாலிசியில் ஒரு பைசா வராது. கத்தியைக் காட்டி மிரட்டியோ, அடித்தோ பிடுங்கினால் ராபரி. அங்கே கதவு உடைந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஆள் மீது பலாத்காரமோ மிரட்டலோ இருந்ததா என்பதுதான் கேள்வி.

போலீஸ் புகாரை எழுதியவர் முதலில் "கடையில் இருந்த பொருட்கள் காணாமல் போயின" என்று எழுதினார். நல்ல மனிதர், அவசரத்தில் எழுதினார். ஆனால் அந்த வாசகத்தோடு க்ளெய்ம் போனால், பொருள் எப்போது, எப்படிப் போனது என்றே தெரியாத கேஸாகிவிடும். "பின்கதவுக் கொண்டி பெயர்க்கப்பட்டிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்" என்றேன். சேர்த்தார்.

நஷ்டத்தைப் பார்வையிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை பின்கதவில் கை வைக்கவில்லை. இரவுக்கு ஒரு ஆளைக் காவல் வைத்தோம். சர்வேயர் வந்து அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். உள்ளே இருக்கும் அலமாரியை உடைப்பது கட்டடத்துக்குள் பலவந்தமாக நுழைந்ததற்குச் சாட்சி ஆகாது என்றார். பின்கதவில்தான் வெகுநேரம் குனிந்திருந்தார். அந்தக் கதவுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள், அதில் ஒரு பூட்டும் உண்டு. பூட்டு உடையவில்லை, கொண்டி திருகாணிகளோடு மரத்திலிருந்து பிடுங்கப்பட்டுத் தொங்கியது. நெம்புகோல் பதிந்த பள்ளங்கள் எல்லாம் உள்பக்கத்தில். வெளிப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

"வெளியிலிருந்து யாரும் உடைக்கலையே சார்?" என்றார். திருடன் பகலில் வாடிக்கையாளர் மாதிரி வந்து, பின்னறையில் பதுங்கி, நாங்கள் பூட்டிக்கொண்டு போனபிறகு வேலையை முடித்திருக்கிறான். அறைக்குள் அட்டைப்பெட்டிகள் தள்ளிவைக்கப்பட்டு, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் செய்யப்பட்டிருந்தது. அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: பலவந்தமாக நுழைந்ததற்குத் தடயம் இல்லை, எனவே க்ளெய்ம் ஏற்கத்தக்கதல்ல. நான் பெரிதாக வாதாடவில்லை. பாலிசியில் அந்தப் பிரிவின் வாசகத்தை அப்படியே எடுத்தெழுதி, "நுழைதல் அல்லது வெளியேறுதல்" என்ற இடத்தை அடிக்கோடிட்டேன். கொண்டியின் போட்டோ, சர்வேயர் குறித்த பள்ளங்கள், புகாரின் நகல் மூன்றையும் இணைத்து, எங்கள் க்ளெய்ம் பலவந்தமாக வெளியேறியதன் அடிப்படையில் என்று ஒரே பத்தியில் பதில் அனுப்பினேன். எல்லாப் பாலிசியிலும் இந்த "வெளியேறுதல்" இருக்கும் என்று சொல்ல முடியாது. நுழைவை மட்டும் சொல்லும் பாலிசியாக இருந்தால் எங்கள் கதை அந்தக் கடிதத்தோடு முடிந்திருக்கும்.

கோப்பு மறுபடி சர்வேயரிடம் போய்த் திரும்பியது. அலமாரியில் இருந்தவற்றுக்கு, தேய்மானம் கழித்து, பணம் வந்தது. ஒரு லென்சுக்கு மட்டும் வரவில்லை. முந்தைய நாள் மாலைக் கணக்கிலேயே அது இல்லை என்று எங்கள் வாடகைப் பதிவேடு சொன்னது. பகலில் கவுன்ட்டரிலிருந்து யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். ஒரே ஆளின் கைவரிசையாகக்கூட இருக்கலாம், ஆனால் அது தெஃப்ட். மேசை டிராயரில் இருந்த ரொக்கமும் கழிந்தது. பணம் பூட்டிய சேஃபில் இருந்தால்தான் கணக்கு. சேஃபையும் அதன் சாவியாலேயே திறந்திருந்தால் கிடைக்காது. அந்தச் சாவியை மிரட்டிப் பிடுங்கியிருந்தால் கிடைக்கும்.

புதுப்பிக்கும்போது கூடுதல் பிரீமியம் கட்டி தெஃப்ட் நீட்டிப்பு சேர்த்தோம். கள்ளச்சாவித் திருட்டு இப்போது அதற்குள் வருகிறது. ஸ்டாக் எடுக்கும்போது தெரியவரும் குறைவு அதிலும் வராது. ஊழியர் எடுத்தால் அதற்கு ஃபிடிலிட்டி பாலிசி தனியாக வாங்க வேண்டும்.