மூன்று 'ப்ளீஸ்'

நேற்று வேலை இன்டர்வியூவின் கடைசி ரவுண்டு முடித்த தம்பி, நன்றி மெயிலை அனுப்பும் முன் என்னிடம் காட்டினான். பதினாறு வரி. அதில் மூன்று 'ப்ளீஸ்'.

"டேய், இது மெயிலா, மனுவா?"

இன்டர்வியூ எடுத்தவர் எதைப் பற்றி அதிகம் பேசினார் என்று கேட்டேன். மாத முடிவு ரிப்போர்ட் தாமதமாவது பற்றியாம். சரி, அதை வைத்தே திருத்தினோம்.

"நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. ரிப்போர்ட் தாமதம் பற்றி நீங்கள் சொன்னதை அப்புறமும் யோசித்தேன். முந்தைய வேலையில் தினமும் கணக்கைச் சரிபார்த்து அதைக் குறைத்தோம். இந்தப் பொறுப்பில் எனக்கு விருப்பம் உண்டு."

'முடிவு எப்போது தெரியும்?' என்ற வரியையும் எடுத்துவிட்டோம். வெள்ளிக்குள் சொல்வதாக அவரே சொல்லியிருக்கிறார். அதுவரை இன்னொரு மெயில் கிடையாது.

அனுப்பிவிட்டான். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்பாக்ஸைத் திறந்து பார்க்கிறான்.