நூல் படாத இடத்தில் குறையும் முடி

புருவம் திருத்த வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற குறை, "வால் பக்கம் முடியே இல்லை" என்பதுதான். பார்லரில் வழக்கமாக உடனே பென்சிலைக் கையில் எடுத்து நிரப்பிவிடுவோம். அப்படி நிரப்புவதற்கு முன் இரண்டு நிமிடம் பார்க்க வேண்டியது இருக்கிறது.

முதலில் ஈரப் பஞ்சால் மையையும் பவுடரையும் முழுக்கத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வைத்து, தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். குட்டையாக, குத்துகிற மாதிரி முளைகள் தெரிந்தால் அது நூலின் வேலை. தோலைச் சரியாக இழுத்துப் பிடிக்காமல் நூலை ஓட்டும்போது முடி வேரோடு வராமல் பாதியில் அறுந்துவிடும். முளை இல்லாமல் துளைகள் மட்டும் தெரிந்தால் வேர் இன்னும் இருக்கிறது என்று நம்பலாம். துளையே தெரியாமல் தோல் வழவழவென்று மின்னினால் அங்கே மறுபடி முளைக்கும் வாய்ப்பு குறைவு.

அடுத்த கேள்வி, குறைந்த இடமும் நூல் போகிற கோடும் ஒன்றுதானா என்பது. த்ரெட்டிங்கும் ட்வீசரும் புருவத்தின் ஓரங்களைத்தான் தின்னும், அதிலும் கீழ் ஓரத்தை அதிகமாக. வருடக்கணக்கில் ஒரே கோட்டில் பிடுங்கினால் வேர் நைந்து, முடி மெலிந்து, சில இடங்களில் நின்றே போகும். அந்தச் சந்தேகத்துக்கு ஒரே மருந்து ஓய்வு. மூன்று, நான்கு மாதம் நூலே வேண்டாம். நடுவில் "கொஞ்சம் மட்டும் சுத்தம் பண்ணலாம்" என்பதும் வேண்டாம். நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதே ஜன்னலருகே, அதே தூரத்தில் ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லலாம். நான்காம் மாதப் படத்திலும் புது முடி இல்லையென்றால் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சிலருக்கு அதுவரை காத்திருக்கவே கூடாது. நாற்பது வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கீழ் ஓரத்தில் மட்டுமே நூல் போடுகிறவர். ஆனால் இரண்டு புருவத்திலும் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு, மேலும் கீழுமாக முழு அகலத்துக்கும் மெலிந்திருக்கிறது. தோல் வறண்டிருக்கிறது, ஏசி காற்றில் மற்றவர்களுக்கு முன்பே குளிர்கிறது, கேட்டால் மலச்சிக்கலும் அசதியும் இருப்பதாகச் சொல்கிறார். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களிடம் காணப்படுகிற தோற்றம் இது. இவரிடம், "அக்கா, இந்தப் பக்கம் நான் நூலே போடலை. டாக்டர்கிட்ட சொல்லி டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை ஒண்ணு பாத்துடுங்க" என்று சொன்னால் போதும், நோயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏற வேண்டிய டிஎஸ்எச் அளவை, அதிக அளவு பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளில் குறைத்துக் காட்டி, இருக்கிற குறைபாட்டை மறைத்துவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகும் முடி திரும்பப் பல மாதம் ஆகும்.

அதே வெளிப்பக்கம் வேறு காரணத்தாலும் மெலியும். கரப்பான் உள்ளவர்கள் அரிப்பில் தேய்த்துத் தேய்த்தே முடியை இழப்பார்கள். அங்கே தோல் செதிலாக இருக்கும். தொழுநோயிலும் வெளிப்பக்கத்திலிருந்துதான் புருவம் உதிரத் தொடங்கும். காது மடல் தடித்திருக்கிறதா, உடம்பில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருக்கிறதா என்பது இங்கே முக்கியம். கண்ணை மூடச் சொல்லி அந்தத் தேமலைப் பஞ்சு நுனியால் தொட்டால், தொட்ட இடத்தை அவரால் காட்ட முடியாது. முழுமையாகக் குணமாகும் நோய் இது, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். ஒரு ஆளைக்கூட வெட்கத்தால் நாம் அனுப்பாமல் விடக்கூடாது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் புருவமும் போய், முன்நெற்றி முடிக்கோடும் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தால் அது வேரைத் தழும்பாக்குகிற நோயாக இருக்கலாம். போன முடி பெரும்பாலும் வராது, ஆனால் சீக்கிரம் தோல் மருத்துவரிடம் போனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். அங்கே மைக்ரோபிளேடிங் செய்து மூடிவிட்டால், பரவுவது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இமை முடி விஷயம் வேறு. ஒட்டு இமையின் பாரமும், பசையைக் கரைக்காமல் பிய்த்து எடுப்பதும், மஸ்காராவோடு தூங்கிவிட்டுக் காலையில் கண்ணைக் கசக்குவதும்தான் அன்றாடக் காரணங்கள். இவற்றில் முடி இமை நெடுக மெலியும். ஒரே கண்ணில், ஒரே இடத்தில் மட்டும் நாலைந்து முடி காணாமல் போய், பக்கத்தில் சின்னக் கட்டி இருந்தால் அதன்மேல் மஸ்காரா போடாதீர்கள். கண்கட்டி என்று நினைத்து மருந்து போட்டு, ஆறி, அதே இடத்தில் மறுபடி வருகிற கட்டி இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். கண் மருத்துவர் துளி தசையை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். அவரிடம், "இது எத்தனையாவது முறை, இமை முடி எப்போது போனது" என்ற இரண்டையும் சொல்லச் சொல்லி அனுப்புங்கள்.