எஃப் இல்லாத நான்கு சுரங்கள்

பின்னணி இசைக்குக் கீபோர்டு வாசிப்பது என் தொழில். ஒரு குறும்படத்துக்கு ஏ, ஜி, ஈ, டி என்று மெதுவாக இறங்கும் நாலே நாலு சுரங்களில் தொடங்கும் ஒரு மெட்டு. கீழே டி மைனர் கார்டைப் பிடித்து வாசித்தேன். இயக்குநர் தம்பி கேட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணே, பொழுது விடியுற காட்சிண்ணே. இது யாரோ போயிட்ட மாதிரி கேக்குது.”

அவர் சொன்னது சரி. அந்தச் சோகம் மெட்டில் இல்லை, கார்டின் நடுவிலிருந்த எஃப்பில் இருந்தது. மேஜரா மைனரா என்று முடிவு செய்வதே அந்த மூன்றாம் சுரம்தான். அதை எடுத்துவிட்டு, ஃபோர்த்களை அடுக்கிப் பார்த்தேன். ஃபோர்த் என்றால் ச-வுக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம், ஐந்து செமிடோன்.

மெட்டின் சுரத்தைச் சுண்டுவிரலில் வைத்து, அடுக்கை அதிலிருந்து கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். ஏ-வுக்குக் கீழே ஈ, அதற்குக் கீழே பி. ஜி-க்குக் கீழே டி, ஏ. கடைசி டி-க்குக் கீழே ஏ, ஈ. மூன்றும் உடனே கைக்கு வந்தன. மாட்டிக்கொண்டது ஈ-யில். அதன் கீழே பி சரி. அதற்கும் கீழே சுத்தமான ஃபோர்த் வேண்டுமென்றால் எஃப் ஷார்ப். அதை வைத்தால் பாட்டு மேஜருக்குத் தாவிவிடும். எஃப் வைத்தாலோ எஃப்–பி இடைவெளி ஆறு செமிடோன் ஆகி, அந்த ஓர் இடம் மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது. கடைசியில் மூன்றாவது சுரத்தையே விட்டுவிட்டேன். பி, ஈ இரண்டு மட்டும். எல்லா அடுக்கும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1959-இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘சோ வாட்’டில் பில் எவன்ஸ் பியானோவில் வாசித்த புகழ்பெற்ற அடுக்கிலும் மூன்று ஃபோர்த்துக்கு மேலே உச்சியில் இருப்பது நான்கே செமிடோன் உள்ள ஒரு மேஜர் தேர்டுதான்.

இடது கையிலும் ஃபோர்த்தே இருக்கட்டும் என்று அடி ஆக்டேவில் டி–ஜி பிடித்ததுதான் என் தவறு. பாட்டு டி-யை விட்டு ஜி-க்கு நகர்ந்ததுபோல் ஆகிவிட்டது. தம்புராவை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். அதில் மந்தர பஞ்சமம் கீழே, ச மேலே, இடைவெளி ஃபோர்த். ஆனாலும் காது ஆதாரமாக எடுத்துக்கொள்வது மேலே இருக்கும் ச-வைத்தான். இடது கையை டி–ஏ என்று ஏழு செமிடோன் தூரமுள்ள ஃபிஃப்த்துக்கு மாற்றியதும் டி அசையாமல் நின்றது. சஸ்டெய்ன் பெடலையும் ஒவ்வொரு சுரத்துக்கும் எடுத்து எடுத்து மிதித்தேன். இல்லாவிட்டால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கிவிடும்.

மறுநாள் பாடகி வந்தார். இரண்டாவது வரியில் மெட்டு ஒரே ஒருமுறை எஃப்பைத் தொடும். நான் என் அடுக்குகளில் எங்கும் வைக்காத சுரம். அவர் குரலில் அது வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார்.