எங்கே சார்ஜ் போட்டீங்க?

புதுச்சேரியில் ஒரு சின்ன விளம்பர அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடைகளின் பேஸ்புக் பக்கங்களுக்கு எழுதுவது என் பொறுப்பு. அவற்றில் ஒன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிற கடை. போன டிசம்பரில் அந்தக் கடைக்காரர், 2011-இல் கடலூரைத் தாக்கிய 'தானே' புயலை நினைவுபடுத்தி ஒரு பதிவு வேண்டும் என்றார். அவரே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டார்: "தானே புயலை மறக்க முடியுமா? உங்கள் அனுபவத்தை கமெண்டில் சொல்லுங்கள்! லைக் பண்ணுங்க, கடலூர் நண்பர்கள் 5 பேரை டேக் பண்ணுங்க!"

கடைசி வரியை எடுத்துவிடலாம் என்றேன். "ஏம்மா, கேட்டாத்தானே போடுவாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் லைக், ஷேர், டேக் என்று கெஞ்சும் பதிவுகளைக் குறைவான பேருக்கே காட்டப்போவதாக 2017 டிசம்பரிலேயே பேஸ்புக் அறிவித்துவிட்டது. உதவியோ ஆலோசனையோ கேட்கும் பதிவுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றும் அப்போதே சொன்னார்கள். அதை அவரிடம் சொன்னேன். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. டேக் கேட்டால் கிடைப்பது வெறும் பெயர்கள். டேக் செய்யப்பட்டவர் வந்து ஒரு கைகூப்பு எமோஜி போட்டுவிட்டுப் போவார். அதைப் படித்து நாலாவது ஆள் எதையும் எழுதப்போவதில்லை.

"சரி சார், அந்த வரி போகட்டும். மீதியும் வேலைக்கு ஆகாது" என்றதும்தான் அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"மறக்க முடியுமா?" என்று கேட்டால் "முடியாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "உங்கள் அனுபவம் என்ன?" என்பது பரீட்சைக் கேள்வி. தானே 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று, விழுந்த மரம், பறந்த கூரை, பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலா, முந்திரி, பால் கிடைக்காதது, கரண்ட் வராத நாட்கள் என்று ஒரு மனிதரிடம் அந்த வாரத்தைப் பற்றி நூறு விஷயம் இருக்கும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் "ரொம்பக் கொடுமை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார். சொல்ல இல்லாமல் இல்லை. எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் வேலையை நாம் அவர் தலையில் கட்டிவிட்டோம், அவ்வளவுதான். "மறக்க முடியாத", "மிகப் பெரிய" என்ற சொற்கள் செய்வதும் இதையேதான். எது மிகப் பெரியது என்று யோசிக்க உட்கார்ந்தால் விரல் அடுத்த பதிவுக்குத் தள்ளிவிடும்.

அதனால் அந்தத் தேர்வை நாமே செய்துகொடுக்க வேண்டும். அது இன்வெர்ட்டர் கடை, ஆகவே கரண்ட் இல்லாத நாட்கள். அதிலும் எல்லார் கையிலும் இருந்த ஒரு பொருள், எல்லாரும் செய்தே ஆகவேண்டியிருந்த ஒரு காரியம் எது என்று தேடினேன். கேள்வி இப்படி வந்தது:

"தானே புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாத நாட்களில், செல்போனுக்கு எங்கே போய் சார்ஜ் போட்டீங்க?"

"எங்கே" என்பதற்குப் பதில் ஒரு இடம். யோசிக்கத் தேவையில்லை, சரி தப்பு கிடையாது, ஒரு வரி போதும். ஆனால் இடத்தைச் சொன்னவரால் அதோடு நிறுத்த முடியாது. யார் வீடு, யார் கூட்டிப்போனது, எவ்வளவு நேரம் காத்திருந்தது எல்லாம் பின்னாலேயே வரும். "ஏன்", "எப்படி" என்று தொடங்கினால் விளக்கம்தான் கிடைக்கும். எங்கே, யார், எது என்று கேட்டால் சம்பவம் கிடைக்கும். எழுதி முடித்ததும் பக்கத்து மேஜை அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். அவர் "ம்ம்..." என்று கூரையைப் பார்த்தால் கேள்வி சரியில்லை. இதைக் கேட்டதும், "எங்க தெருவுக்கு வாடகை ஜெனரேட்டர் வரும்ல, டேங்குக்குத் தண்ணி ஏத்த, அதுல" என்று உடனே ஆரம்பித்துவிட்டார்.

நீளமான பதிவை பேஸ்புக் பாதியில் மடித்துவிடும் என்பதால் கேள்வியை முதல் வரியில் வைத்தேன். கூட இன்னொரு கேள்வி சேர்க்கவில்லை. இரண்டு கேட்டால் சுலபமானதுக்கு மட்டும் பதில் வரும். பேச்சு நடையிலேயே விட்டதற்கும் காரணம் உண்டு. கடையின் பேஸ்புக் பக்கத்தில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள். செந்தமிழில் கேட்டால் அவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

முதல் பதிலைக் கடைக்காரரையே அவர் பெயரில் எழுதச் சொன்னேன். இதில் கவனம் தேவை. முதல் பதில் எவ்வளவு நீளமோ கிட்டத்தட்ட அதே நீளத்தில்தான் மற்றவர்களும் எழுதுகிறார்கள். வீரக் கதையாக இருந்தால் சாதாரண அனுபவம் உள்ளவர் வாயை மூடிக்கொள்வார். அவர் எழுதியது: "விழுப்புரத்துல மச்சான் வீடு. போனை மட்டும் பஸ்ல குடுத்து அனுப்பினேன், ஆள் போகல." அவ்வளவுதான். அதில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது, சரியாக அமைந்துவிட்டது.

டிராக்டர் பேட்டரியில் வயர் கொடுத்துப் போட்டது, கல்யாண மண்டபத்தில் வரிசையாகப் போன்களை வைத்துவிட்டு யாருடையது எது என்று சண்டை வந்தது என்று பதில்கள் வரத் தொடங்கின. ஒரு அம்மா, சார்ஜே போடவில்லை, துபாயிலிருந்து கணவர் கூப்பிடுவார் என்று போனை அணைத்து அணைத்து வைத்துக்கொண்டதாக எழுதினார். "பகிர்ந்தமைக்கு நன்றி" என்று பதில் போட்டால் அங்கேயே கதவைச் சாத்தியது போல் ஆகிவிடும். அவர் எழுதியதிலிருந்தே ஒன்றை எடுத்து, "எந்த நேரத்துக்கு ஆன் பண்ணுவீங்க அம்மா?" என்று கேட்டேன். ராத்திரி ஒன்பது மணி என்றார். அதன் கீழே வளைகுடாவில் அப்போது வேலை செய்த இரண்டு பேர், மறுமுனையில் தாங்கள் தவித்த கதையை எழுதினார்கள். அவர்களை யாரும் டேக் செய்யவில்லை.

எண்ணிக்கையை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. நமக்கு முன்பு தெரியாத ஒரு தகவலாவது பதிலில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு பதிவின் கீழ் வந்த பதிலை இன்னொரு பதிவின் கீழ் வெட்டி ஒட்டினாலும் பொருந்தும் என்றால், "சூப்பர்", "உண்மைதான்" போல, கேள்விதான் மொக்கை.

எல்லாவற்றையும் இப்படிக் கேட்டுவிட முடியாது. புயலில் யாரை இழந்தீர்கள் என்று ஒரு கடை கேட்கக் கூடாது. சுனாமி நாளை நான் தொடுவதே இல்லை. தானே பதிவிலும் ஒருவர் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் போனதை எழுதினார். அங்கே தொடர்கேள்வி எதுவும் இல்லை, கடைக்காரர் இரண்டு வரி ஆறுதல் எழுதினார், அத்தோடு விட்டோம். தங்கள் செல் நம்பரையும் சேர்த்து எழுதிவிட்டவர்களின் பதில்களை மறைத்துவிட்டு, நம்பரை எடுத்துவிட்டு மறுபடி போடும்படி உள்பெட்டியில் சொன்னேன்.

மறுநாள் கடைக்காரர், "இவ்வளவு பேர் இருக்காங்களேம்மா, கீழயே ஆஃபர் ரேட்டைப் போட்டுடலாமா?" என்றார். போட்டால் அந்த அம்மா ஏமாந்துபோன மாதிரி உணர்வார் என்றேன். மனசில்லாமல் ஒத்துக்கொண்டார். ஆனால் பதில்களைத் திரும்பப் படித்தபோது அவரே ஒன்றைக் கவனித்தார். விளக்கைப் பற்றி யாரும் அதிகம் புலம்பவில்லை, தண்ணீர் மோட்டார் ஓடாததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் தாங்கும், மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டைத் தாங்காது. கடைக்கு வருகிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடும்படி பையன்களிடம் சொல்லியிருக்கிறார். அடுத்து என்ன கேட்கலாம் என்று எனக்கும் எழுதி அனுப்பினார்: "கரண்ட் இல்லாதப்போ உங்க தெருவுல யார் வீட்டு அடிபம்புல தண்ணி புடிச்சீங்க?" டேக் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. அப்படியே போட்டேன்.