'போடு' என்றது யார்?

அறிக்கையில் அந்த ஒரு வரியை இன்னும் மனசுக்குள் திருத்திக்கொண்டே இருக்கிறேன். "யாரோ 'போடு' என்று சொன்னது கேட்டு பட்டனை அமுக்கியதாக பேனல் பார்த்தவர் சொல்கிறார்."

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி, நைட் ஷிஃப்ட். கரண்ட் போய், தேயிலையை நசுக்கிக் கிழிக்கும் சிடிசி லைன் நின்றதும், இரண்டாவது கட்டிங் மெஷினுக்குக் கீழே பெல்ட் டிரம்மில் அடைத்திருந்த இலையை எடுக்க ஒருவர் வலைமூடியைக் கழற்றினார். ஜெனரேட்டர் வந்தது. பெல்ட் ஓடியது. இரண்டு விரல்களின் நுனி நசுங்கியது. பேனல் சுவர் ஓரம் இருக்கிறது. அங்கே நிற்பவருக்கு அந்த டிரம் தெரியாது.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் ஆஃபீஸிலிருந்து ஃபோன். "ரெண்டு வரி எழுதி அனுப்புங்க சார். கவனக்குறைவுன்னு போட்டாப் போதும்." பேனாவை எடுத்தால் எழுத்து ஓடவில்லை, கை அப்படி நடுங்கியது. யாருக்கு, எங்கே அடிபட்டது, எந்த ஆஸ்பத்திரி என்பதை மட்டும் ஃபோனில் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் இன்ஸ்பெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்காக நள்ளிரவில் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை.

நடுக்கம் இருக்கும்போது செய்யக்கூடிய வேலை, தீர்ப்பு தேவைப்படாத வேலைதான். ஆகவே முதலில் ஃபோட்டோ. லைனில் கிடந்த இலை வீணாகும் என்று தெரிந்தும் யாரையும் கழுவ விடவில்லை. எமர்ஜென்சி ஸ்டாப் அமுக்கியதில் பேனல் விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் பெல்ட்கள் பேசின. கடைசி கட்டிங்குக்குப் பிறகு வரும் பெல்ட் காலியாக இருந்தது. இரண்டாவதன் கீழே இலை அப்படியே குவிந்திருந்தது, முன்பக்கம் ஒரு முழம் அளவுக்கு மட்டும் நகர்ந்திருந்தது. அப்படியென்றால் பேனல் பார்த்தவர் முறைப்படி கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், இரண்டாவது பெல்ட் ஓட ஆரம்பித்ததும் அலறல். "கரண்ட் வந்ததும் தானாவே ஓடிருச்சு" என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஆனால் அந்த ஸ்டார்ட்டர்கள் கரண்ட் போனால் விழுந்துவிடும். பச்சைப் பட்டனை யாராவது அமுக்கினால்தான் மறுபடி ஓடும்.

அப்புறம் நேரம். ஜெனரேட்டர் ரெஜிஸ்டரில் 11.46. என் ஃபோனில் 108-க்குக் கூப்பிட்டது 11.42. அப்படியே எழுதியிருந்தால் ஜெனரேட்டர் வருவதற்கு முன்பே அடிபட்டதாக ஆகியிருக்கும். ரெஜிஸ்டர் எழுதுவது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. ஃபோனோடு வைத்துப் பார்த்தேன், அது ஏழு நிமிடம் வேகம். அப்படியானால் ஜெனரேட்டர் வந்தது 11.39. எனக்கோ கரண்ட் வந்ததிலிருந்து அலறல் வரைக்கும் பத்து நிமிடம் ஆனது போலத்தான் இருந்தது. அந்த நிலையில் நேரத்தை மனசிலிருந்து எழுதக்கூடாது.

ஆட்களிடம் கேட்பதை மட்டும் காலைக்குத் தள்ளினேன். பேனல் பார்த்த தம்பி அழுதுகொண்டிருந்தான். அப்போது கேட்டால் "என் தப்புதான் அண்ணே" என்பதைத் தவிர வேறு வராது. அதை எழுதினால் அவன் வாழ்க்கை முழுக்க அது கூடவே வரும். காலையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, "எங்க நின்னீங்க, என்ன பார்த்தீங்க, என்ன கேட்டுச்சு" என்று அந்த வரிசையிலேயே கேட்டேன். மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள். ராத்திரி முழுக்க அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அதையேதான் பேசியிருக்கிறார்கள். அழுகையோடு ஆனாலும் அப்போதே கேட்டிருந்தால் கலப்பில்லாத ஒரு பேச்சு கிடைத்திருக்குமோ? பிரித்து உட்கார வைக்கத்தான் ஆள் ஏது, ஆம்புலன்ஸோடு இரண்டு பேர் போய்விட்டார்கள். இப்படியும் சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் சமாதானம் ஆகவில்லை.

என் சாட்சியத்தை மட்டும் ராத்திரியே, யார் பேச்சையும் கேட்கும் முன், கோணல் எழுத்தில் எழுதி வைத்தேன். அதில் இருப்பது இது: ஜெனரேட்டர் வந்ததும் நான் டிரையர் பக்கம் இருந்தேன். ஃபேன் ஓடாவிட்டால் உள்ளே இருக்கும் தூள் கருகிவிடும். "டிரையரைப் போடு!" என்று கத்தினேன்.

அந்த இரைச்சலில் தம்பியின் காதில் விழுந்தது இதன் கடைசிப் பாதியா? இலை எடுத்தவர் தான் ஒன்றும் சொல்லவில்லை என்கிறார். வேறு யாரும் சொன்னதாக ஒப்புக்கொள்ளவில்லை. நான் நின்ற இடத்துக்கும் பேனலுக்கும் நடுவில் லைன் முழுவதும் இருக்கிறது, கேட்டிருக்காது என்றும் தோன்றுகிறது. தம்பி கேட்டது என் குரலா என்று அவனிடமே கேட்டேன். "தெரியல அண்ணே, யார் குரல்னு ஞாபகம் இல்ல, போடுன்னு மட்டும்தான்" என்றான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன், நடுவில் 'ஆகவே' போடவில்லை. "உங்க பேரை நீங்களே எதுக்கு இழுத்து விடுறீங்க, அந்த வரி தேவையா?" என்று ஆஃபீஸில் கேட்டார்கள். ஏழு நிமிடக் கணக்கு எப்படித் தேவையோ அப்படித்தான் இதுவும் என்றேன். வரி அப்படியே போனது. தம்பி இப்போது டே ஷிஃப்ட் கேட்டு மாறிவிட்டான். இரண்டாவது டிரம்மில் கை வைப்பவர் முதலில் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்.