முறை எண் இல்லாமல் தொலைந்த நான்கு நாட்கள்

கடந்த சில வாரங்களாக, இருவர் ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்க வேண்டிய தேவையில்லாத ஓர் ஆட்டத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவர் தம் முறையை ஆடிவிட்டுப் போய்விடுவார். சர்வர் அதைச் சேமித்து வைத்திருக்கும். மற்றவர் ஒரு மணி நேரம் கழித்தோ மூன்று நாள் கழித்தோ வந்து, நடந்ததைப் பார்த்துவிட்டுப் பதில் ஆடுவார். ஆட்டமாக நான் எடுத்துக்கொண்டது, நோட்டுப் புத்தகத்தில் புள்ளிகள் வைத்துக் கோடு போட்டுக் கட்டம் அடைப்போமே, அதையேதான். ஆறுக்கு ஆறு புள்ளிகள், 60 கோடுகள், 25 கட்டங்கள். கட்டங்கள் ஒற்றைப்படை என்பதால் சமநிலையில் முடியாது என்பதும் இந்த அளவைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

சர்வர் ஆட்ட விதிகள் எதையும் அறியக் கூடாது என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. அது பலகையின் நிலையைச் சேமிப்பதில்லை. ஆடப்பட்டவற்றை வரிசையாகச் சேமிக்கிறது, அவ்வளவுதான். யார் செயலியைத் திறந்தாலும், அந்த வரிசையை முதலிலிருந்து மறுபடி ஆடிப் பலகையைக் கட்டி எழுப்புவது அவரவர் கருவியின் வேலை. ஆட்டம் முழுவதும் 60 கோடுகளே என்பதால் இதற்கு நேரமே பிடிப்பதில்லை. கிடைக்கோடுகளுக்கு 0 முதல் 29 வரையும் நெடுக்கோடுகளுக்கு 30 முதல் 59 வரையும் எண் கொடுத்தேன். முதல் வடிவத்தில் ஒவ்வொரு கோடும் சர்வரில் ஒரு வரியாகச் சேர்ந்தது. அதற்கு உரிய வரிசை எண்ணை, இருப்பதில் பெரியதோடு ஒன்றைக் கூட்டிச் சர்வரே கொடுத்தது.

நண்பர் ஒருவரோடு ஆடிய மூன்றாவது ஆட்டத்தில் நான்கு நாட்கள் எதுவும் நடக்கவில்லை. அவருக்கு வேலை அதிகம் போலும் என்று நானும், எனக்கு நேரமில்லை போலும் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வேறொரு பேச்சின் நடுவே, "நீங்கள்தானே ஆட வேண்டும்?" என்று அவர் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. என் திரை "எதிராளியின் முறை" என்றது. அவருடைய திரையும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. இவ்வகை ஆட்டத்தில் பிழை வெளியே தெரிவதில்லை. இருவரும் நேருக்கு நேர் ஆடும் ஆட்டத்தில் ஏதேனும் நின்றுபோனால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இங்கே எதிராளி பேசாமல் இருப்பதே இயல்பான நிலை என்பதால், கெட்டுப்போன ஆட்டமும் காத்திருக்கும் ஆட்டமும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

சர்வரில் பார்த்தபோது 31ஆவது வரியும் 32ஆவது வரியும் ஒரே கோட்டையே குறித்தன. இரண்டும் 22ஆம் எண். இரண்டுக்கும் இடையே 11 விநாடிகள். என் செயலி பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் 10 விநாடிகள் என்பதால் காரணம் அப்போதே விளங்கிவிட்டது. நண்பர் ரயிலில் இருந்தபடி ஆடியிருக்கிறார். அவர் அனுப்பிய கோடு சர்வரை அடைந்து சேமிக்கப்பட்டுவிட்டது. "கிடைத்தது" என்ற பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்துவிட்டது. பதில் வராததால் செயலி அதே கோட்டை மறுபடி அனுப்ப, சர்வர் அதைப் புதியதாக எண்ணி 32 என்று எண் போட்டுச் சேர்த்துக்கொண்டது. மறுபடி ஆடிப் பார்க்கும்போது 31ஆவது அவருடையது, எந்தக் கட்டமும் அடைபடவில்லை, எனவே முறை எனக்கு வருகிறது. 32ஆவது என் கணக்கில் விழுகிறது. ஏற்கெனவே உள்ள கோடு என்பதால் அதிலும் கட்டம் அடைபடவில்லை, எனவே முறை அவருக்கே போகிறது. நான் ஆடாமலே என் முறை கழிந்துவிட்டது. அவரோ ஆடி முடித்தவர், மறுபடி திறந்து பார்க்க அவருக்குக் காரணமே இல்லை.

மறுபடி அனுப்புவதையே நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் முதலில் வந்தது. ஆனால் அது நோயை இடம் மாற்றுவது மட்டுமே. பதில் வராதபோது, தான் அனுப்பியது சேர்ந்ததா இல்லையா என்பதை அனுப்பியவரால் அறியவே முடியாது. சேராமல் போயிருந்தால் மறுபடி அனுப்பியே ஆக வேண்டும். ஆகவே எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு முறை சேர்ந்ததற்குச் சமமாகச் சர்வர் நடந்துகொள்ள வேண்டும்.

யாருடைய முறை என்று சர்வர் சரிபார்த்திருந்தால் இது நடந்திருக்காதே என்று கேட்கலாம். சதுரங்கம் போன்ற ஆட்டமாக இருந்தால் ஒற்றைப்படை எண் ஒருவருக்கு, இரட்டைப்படை எண் மற்றவருக்கு என்று விதி தெரியாத சர்வரும் சரிபார்த்துவிடும். இந்த ஆட்டத்தில் கட்டத்தை அடைத்தவர் மறுபடி கோடு போட வேண்டும் என்பதால், கோடுகளின் எண்ணிக்கையை வைத்து முறையைச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தச் சரிபார்ப்பையே நான் விட்டுவைத்திருந்தேன். விடை, சேமிக்கும் அலகை மாற்றுவதில் இருந்தது. ஒரு கோட்டைச் சேமிப்பதற்குப் பதிலாக, ஒருவர் கட்டங்களை அடைத்து அடைத்து, கடைசியில் எதையும் அடைக்காத ஒரு கோட்டைப் போட்டு நிறுத்தும் வரை உள்ள முழு முறையையும் ஒரே வரியாகச் சேமிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. வரிசைகளையும் நிரல்களையும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால், இரண்டாம் வரிசை மூன்றாம் நிரலில் உள்ள கட்டத்தின் மேல்கோடு 13, கீழ்க்கோடு 18, இடக்கோடு 45, வலக்கோடு 46. அதன் வலப்பக்கக் கட்டத்துக்கு 14, 19, 46, 47. முதல் கட்டத்தில் 13, 18, 45 ஆகியனவும், அடுத்ததில் 14, 19 ஆகியனவும் போடப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். ஆடுபவர் 46ஐப் போட்டதும் முதல் கட்டம் அடைபடுகிறது. இப்போது அடுத்த கட்டத்திலும் மூன்று கோடுகள் ஆகிவிட்டதால் 47ஐப் போட்டு அதையும் எடுக்கிறார். பிறகு எங்கோ ஓரத்தில் 5ஐப் போட்டு முறையை முடிக்கிறார். சர்வருக்குப் போவது `46,47,5` என்ற ஒரே உரை. முறைகள் இப்போது கண்டிப்பாக மாறி மாறி வருகின்றன. ஆட்டத்தைத் தொடங்கியவருக்கு ஒற்றைப்படை எண்கள், மற்றவருக்கு இரட்டைப்படை எண்கள். ஒவ்வொருவரிடமும் உள்ள ரகசிய டோக்கனை வைத்து, விதியறியாத சர்வரும் இதைச் சரிபார்த்துவிடுகிறது. அனுப்பும் வரை கோடுகள் கருவியிலேயே இருப்பதால், ஆடுபவர் மனம் மாறினால் அழித்துப் போடவும் முடிகிறது. இந்த ஆட்டத்தில் தற்செயலுக்கோ மறைபொருளுக்கோ இடமில்லாததால்தான் இந்தச் சலுகையைக் கொடுக்க முடிந்தது. தாயக்கட்டை உருட்டும் ஆட்டமாக இருந்திருந்தால், விழுந்த எண்ணைப் பார்த்துவிட்டு அனுப்பாமல் விட்டுவிடும் வழி திறந்திருக்கும். அங்கே உருட்டுவதைச் சர்வர்தான் செய்ய வேண்டும்.

அடுத்து, முறை எண்ணைக் கொடுக்கும் பொறுப்பைச் சர்வரிடமிருந்து எடுத்து, ஆடுபவரின் கருவியிடம் கொடுத்தேன். "இது எட்டாவது முறை, இதில் என் கோடுகள் இவை" என்று அதுவே சொல்ல வேண்டும். அஞ்சல் வழிச் சதுரங்கம் ஆடியவர்கள் அட்டையில் நகர்வு எண்ணோடு எதிராளியின் கடைசி நகர்வையும் திரும்ப எழுதி, அதன் பக்கத்தில் தம் பதிலை எழுதுவது வழக்கம். எந்த நிலைக்கு இந்தப் பதில் என்பது அப்போதுதான் ஐயமின்றித் தெரியும். அதே காரணம்தான் இங்கும்.

```sql
CREATE TABLE turns (
  game_id  INTEGER NOT NULL,
  turn_no  INTEGER NOT NULL,
  lines    TEXT NOT NULL,
  saved_at TEXT NOT NULL DEFAULT CURRENT_TIMESTAMP,
  PRIMARY KEY (game_id, turn_no)
);

INSERT INTO turns (game_id, turn_no, lines)
SELECT ?1, ?2, ?3
WHERE ?2 = (SELECT COALESCE(MAX(turn_no), 0) + 1
            FROM turns WHERE game_id = ?1);
```

நான் பயன்படுத்துவது எஸ்க்யூலைட். ஒரே ஆட்டத்தில் ஒரே எண் இரண்டு முறை வருவதை முதன்மைத் திறவுகோல் தடுக்கிறது. ஏழாவது வராமலே ஒன்பதாவது வந்து சேர்வதைக் கீழே உள்ள நிபந்தனை தடுக்கிறது. இதை எழுதிய அன்று எல்லா முறைகளும் நிராகரிக்கப்பட்டு ஒரு மாலை முழுவதும் வீணானது. வலை முகவரியிலிருந்து எடுத்த முறை எண்ணை உரையாகவே கொடுத்திருந்தேன். இந்த ஒப்பீட்டில் எஸ்க்யூலைட் `'8'` என்ற உரையையும் `8` என்ற எண்ணையும் சமமாகக் கொள்வதில்லை. முழு எண்ணாக மாற்றிக் கொடுத்ததும் சரியானது.

இரண்டு முறை சேர்வது நின்றாலும், மறுபடி அனுப்பியவருக்கு இப்போது "ஏற்க முடியாது" என்று 409 பதில் போயிற்று. அவர் ஆடியது உள்ளே பத்திரமாக இருக்கிறது, திரையோ மறுக்கிறது. ஆகவே எந்த வரியும் சேராதபோது, அந்த எண்ணில் ஏற்கெனவே இருக்கும் வரியைச் சர்வர் எடுத்து, வந்த கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றே என்றால் முதன்முறை சேர்ந்தபோது கொடுக்கும் அதே பதிலைக் கொடுக்கிறது. வேறுபட்டால் மட்டும் 409. அப்போது கருவி முழு வரிசையையும் மறுபடி வாங்கிப் பலகையைப் புதுப்பிக்கிறது. இது நடப்பது பெரும்பாலும், ஒருவர் கைபேசியில் ஆடிவிட்டு, பழைய நிலையில் திறந்து கிடக்கும் கணினியிலும் ஆட முயலும்போதுதான்.

ஆட்டத்தைக் கைவிட்டுப் போனவரைப் பற்றிய விதிக்கும் இந்த ஏற்பாடே உதவியது. ஏழு நாள் ஆடாவிட்டால் எதிராளி வெற்றி கோரலாம். இதற்கென்று சர்வரில் கடிகாரம் பார்த்து ஓடும் தனி நிரல் எதுவும் வைக்கவில்லை. கோருபவர், வராதவர் ஆடியிருக்க வேண்டிய அதே முறை எண்ணில் `CLAIM` என்ற ஒற்றைச் சொல்லை அனுப்புகிறார். கடைசி வரியின் `saved_at` ஏழு நாளுக்கு முற்பட்டதா என்று மட்டும் சர்வர் பார்க்கிறது. வராதவர் அதே நொடியில் திரும்பி வந்து ஆடினால் என்ன ஆகும் என்று நெடுநேரம் யோசித்தேன். இருவரும் ஒரே எண்ணுக்குப் போட்டியிடுவதால் முதலில் சேர்ந்தது நிற்கிறது. மற்றது 409 பெறுகிறது. தனியாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

விதிமீறலைச் சர்வர் கண்டுகொள்ளாது என்பது இந்த அமைப்பின் எல்லை. இருக்கும் கோட்டை மறுபடி போடுவது, கட்டம் அடைத்த பிறகும் தொடராமல் நிறுத்துவது போன்றவற்றை எதிராளியின் கருவி மறுபடி ஆடும்போது கண்டுபிடித்து, இப்போது சத்தமாக நின்றுவிடுகிறது. தெரிந்தவர்களுக்குள் ஆட இது போதும். முன்பின் அறியாதவர்கள் ஆடும் இடமானால் விதிகள் சர்வருக்குள் போயே ஆக வேண்டும்.

சோதனைக்காக, சர்வர் சேமித்த பிறகு பதிலை வேண்டுமென்றே விழுங்கிவிடும்படி ஒரு வழி செய்து, ஒரே முறையைத் தொடர்ந்து மூன்று தடவை அனுப்பிப் பார்த்தேன். அட்டவணையில் ஒரு வரிதான் இருந்தது, மூன்றாம் தடவை பதிலை விட்டுவைத்ததும் திரை "சேர்ந்தது" என்றது. பாதியில் நின்ற அந்த மூன்றாவது ஆட்டத்தில் 32ஆவது வரியை நீக்கி, மீதியைப் புதிய அலகுக்கு மாற்றித் தொடர்ந்தோம். 14–11 என்று நண்பர் வென்றார். அனுப்பாமல் பாதியில் நிற்கும் முறை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் போகாமல் இருப்பதைச் சரிசெய்வதுதான் இப்போது கையில் எடுத்திருக்கும் வேலை.